சித்தப்பாவின் கல்யாண மண்டபமும் ஒன்பது சின்ன வீடியோக்களும்

சித்தப்பாவின் மண்டபம் கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் சாலையில், வலங்கைமானுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. ஹாலில் 600 நாற்காலி போடலாம், பின்னால் இருக்கும் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு 220 பேர் உட்காரலாம், மாடியில் எட்டு அறை. போன வருடம் அதை ஆன்லைனில் காட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். முதல் தடவை எடுத்த வீடியோ வேலைக்கு ஆகவில்லை, மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

முதல் வீடியோ மூன்று நிமிடம். மேலிருந்து ட்ரோன், வாசலில் ஸ்லோமோஷன், மேடையை ஒரு சுற்று, பின்னணியில் வீணை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, சொந்தக்காரர்கள் எல்லோரும் பகிர்ந்தார்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தவர்களும், பார்க்காமலே போன் செய்தவர்கள் கேட்கும் அதே கேள்விகளைத்தான் கேட்டார்கள். அது எனக்கு உறுத்தியது. அப்படியானால் மூன்று நிமிடம் ஓடிய அந்த வீடியோ ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்?

சரி என்று மேனேஜர் அண்ணன் மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்தேன். வருகிற ஒவ்வொரு போனிலும் முதலில் என்ன கேட்கிறார்கள், அடுத்து என்ன கேட்கிறார்கள் என்று அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொன்னேன். வைகாசி மாதம் முழுக்க எழுதினார். எல்லோருடைய முதல் கேள்வியும் ஒன்றுதான்: இந்தத் தேதி இருக்கா? அதற்குப் பிறகு வந்தவை: ஒரு பந்திக்கு எத்தனை பேர், பெரியவங்க படி ஏறணுமா, கார் எங்கே நிறுத்துவது, பாத்ரூம் கீழேயே இருக்கா, கரண்ட் போனால் ஏசி ஓடுமா, சமையல் நாங்களே ஆள் வைத்துக்கொள்ளலாமா. மேடை எப்படி இருக்கும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. மேடையைத் தாங்களே அலங்காரம் பண்ணிக்கொள்வோம் என்று அவர்களுக்குத் தெரியும். நான் மூன்று நிமிடத்தில் பாதியை மேடைக்குக் கொடுத்திருந்தேன்.

அதனால் இரண்டாவது தடவை ஒரே நீளமான வீடியோ எடுக்கவில்லை. கேள்விக்கு ஒன்றாக 40 நொடிக்குள் ஒன்பது துண்டுகள் எடுத்தேன். சாலையிலிருந்து வாசல், வண்டி நிறுத்தும் இடம், படியும் சரிவுப் பாதையும், ஹால், சாப்பாட்டுக் கூடம், சமையல்கட்டு, அறைகள், கழிப்பறை, ஜெனரேட்டர். யார் எதைக் கேட்கிறார்களோ அந்தத் துண்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஒன்பதையும் சேர்த்து ஒட்டினால் அதுவே முழுச் சுற்று, அது யூடியூபில் கிடக்கிறது.

எடுக்கும் நேரம் முக்கியம். காலி மண்டபம் கேமராவில் குடோன் மாதிரி தெரியும், கல்யாணம் நடக்கும்போது நடுவில் நடக்கவே முடியாது. எனக்குத் தோதாக அமைந்தது முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை நான்கு மணி. அலங்காரம் முடிந்திருக்கும், நாற்காலி போட்டிருக்கும், பெண் வீட்டார் இன்னும் இறங்கியிருக்க மாட்டார்கள். அந்த வீட்டுப் பெரியவரிடம் சொல்லிவிட்டு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் எடுத்ததில் ஹால் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டே இருந்தன. போன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். காரணம் விளக்குகள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடியும் பழைய டியூப் லைட்டும் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகின்றன. போன் தானாக 1/120 மாதிரி ஒரு ஷட்டர் வேகத்தைப் பிடித்தால் அந்த ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகாமல் பட்டையாக விழும். ப்ரோ மோடுக்குப் போய் ஷட்டரை 1/100 அல்லது 1/50 என்று நிறுத்தியதும் பட்டை போய்விட்டது. சில போன்களில் ஃப்ளிக்கர் என்றே ஒரு அமைப்பு இருக்கும், அதில் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தால் போதும். மேடைக்குப் பின்னால் தொங்கும் சீரியல் செட்டுக்கு மட்டும் இது கேட்கவில்லை, எடுக்கும்போது அதை அணைத்துவிட்டோம்.

இன்னொன்று வெளிச்ச மாற்றம். வாசல் வெயிலிலிருந்து ஹாலுக்குள் ஒரே நடையில் போனால் முதல் இரண்டு நொடி உள்ளே இருட்டாகத் தெரியும், அப்புறம் படம் திடீரென்று வெளுக்கும், நிறமும் கூடவே தாவும். நிலைப்படியிலேயே வெட்டி, உள்ளே போய் வெளிச்சத்தையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தால் சிக்கல் இல்லை.

லென்ஸ் விஷயத்தில் மட்டும் எனக்கும் சித்தப்பாவுக்கும் விவாதம் வந்தது. போனில் 0.5 என்று ஒரு அகல லென்ஸ் இருக்கிறதே, அதில் எடுத்தால் ஹால் ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். சித்தப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வீடியோவை அதில்தான் எடுத்திருந்தேன், அதைப் பார்த்துவிட்டு நேரில் வந்த ஒரு அம்மா உள்ளே நுழைந்ததும், "வீடியோல பெரிசா இருந்துச்சே தம்பி" என்றார். அதோடு சரி, திரும்பி வரவில்லை. மண்டபத்தில் ஒரு குறையும் இல்லை, 600 பேருக்கு அது போதும், ஆனால் சின்னது என்ற எண்ணம் அவர் மனதில் விழுந்துவிட்டது. இப்போது எல்லாம் சாதாரண 1 லென்ஸில்தான். அளவு தெரிய வேண்டும் என்பதற்காக ஹாலில் மேனேஜர் அண்ணனை நடக்கவிட்டு எடுத்தேன். ஒரு ஆள் நடந்தால் நீள அகலம் தானாகப் புரியும்.

சாப்பாட்டுக் கூடத் துண்டைத்தான் அதிகம் அனுப்புகிறோம், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மேசை வெறுமனே இருக்கும்போது எடுத்தது எடுபடவில்லை. ஒரு முகூர்த்தத்தன்று காலைப் பந்திக்கு முன்னால், இலை போட்டுத் தண்ணீர் பாட்டில் வைத்து முடித்த அந்த ஐந்து நிமிடத்தில் வாசலில் நின்று எடுத்தேன். ஒரு வரிசையின் கடைசிவரை இலை, நடுவில் பரிமாறுகிறவர்கள் போய்வர எவ்வளவு இடம், பக்கத்தில் கை கழுவும் இடத்தில் எத்தனை குழாய். குரலில் சித்தப்பா சொல்வது இவ்வளவுதான்: "ஒரு பந்திக்கு 220 பேர் உட்காரலாம். உட்கார்ந்து எழுந்து துடைத்து அடுத்த இலை போட நாற்பது நிமிடம் ஆகும். 900 பேர் என்றால் நான்கு பந்தி முழுசாக, ஐந்தாவது கொஞ்சம். மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்." இந்தக் கணக்கைச் சொன்ன பிறகு, சிலர் நேரடியாகவே அப்படியென்றால் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே டிபன் பந்தியை ஆரம்பித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி வந்தால் அவர்கள் மனதில் கல்யாணத்தை நம் மண்டபத்தில் நடத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று பொருள்.

குரலை ஹாலில் பதிவு செய்யாதீர்கள், கிரானைட் தரையில் எதிரொலி அடிக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து பேசவைத்துத் தனியாகச் சேர்த்தேன், சுத்தமாக வந்தது.

சமையல்கட்டுத் துண்டைக் குடும்பத்துக்காக எடுக்கவில்லை, அவர்கள் கூட்டிவரும் சமையல் மாஸ்டருக்காக எடுத்தது. எங்கள் பக்கம் பல வீடுகளில் சமையல்காரரை முதலில் பேசிவிடுவார்கள், அவர் வேண்டாம் என்றால் மண்டபம் மாறிவிடும். அவர் பார்ப்பது வேறு: அடுப்பு எத்தனை, கழுவின தண்ணீர் எங்கே போகிறது, கிரைண்டர் இருக்கிறதா, காய் நறுக்க நிழலாக இடம் உண்டா, அண்டாவைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போக எத்தனை அடி, நடுவில் படி உண்டா. அதனால் கேமராவை இடுப்பு உயரத்தில் வைத்து, அடுப்பிலிருந்து பரிமாறும் வாசல்வரை வெட்டாமல் நடந்தே எடுத்தேன். 18 நொடி. அந்த 18 நொடியே அவருக்கு வேண்டிய பதில்.

போனில் 4கே-யில் எடுத்த 40 நொடித் துண்டு 100 எம்பியைத் தாண்டிவிடும். அதை அப்படியே அனுப்பினால் கிராமத்தில் சிக்னல் குறைந்த இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். கணினியில் இந்த ஒரு வரியை ஓட்டி ஒவ்வொன்றையும் சுருக்கினேன், பெரும்பாலும் 10 எம்பிக்குள் வந்துவிட்டது:

```
ffmpeg -i pandhi.mp4 -vf scale=-2:720 -c:v libx264 -crf 28 -c:a aac -b:a 96k -movflags +faststart pandhi_720.mp4
```

கடைசியில் இருக்கும் faststart வலைப்பக்கத்தில் போடும் பிரதிக்கு அவசியம். அது இல்லாவிட்டால் முழுக்க இறங்கிய பிறகுதான் படம் ஓட ஆரம்பிக்கலாம்.

அடுத்தது உண்மையான கல்யாணக் காட்சிகள். இதில் நான் ஒரு தப்பு செய்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு கல்யாணத்தில் தாரை வார்க்கும் நேரம், பெண்ணின் அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்ளும் காட்சி மிக அழகாக வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் வாயால் கேட்டுவிட்டு ஸ்டேட்டஸிலும் பக்கத்திலும் போட்டேன். மறுநாள் காலையில் அந்த அத்தையின் மகன் பேசினார். சத்தம் போடவில்லை, "அம்மா அழறதை ஊரே பாக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். உடனே எடுத்துவிட்டேன், சித்தப்பா நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். கல்யாணம் நடத்துகிறவர் சம்மதம் வேறு, காட்சியில் இருக்கிறவர் சம்மதம் வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது பதிவுப் படிவத்தின் கடைசியில் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. முகம் தெரியாத காட்சிகள் போடலாமா, மணமக்கள் முகம் போடலாமா, எதுவும் வேண்டாமா என்று மூன்று கட்டம். இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட வேண்டும், வேண்டாம் என்று போட்டால் வாடகையிலோ கவனிப்பிலோ எந்த வித்தியாசமும் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. போடும் முன்னால் துண்டை அவர்களுக்கே அனுப்பி ஒரு வாரம் காத்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் முதல் கட்டத்தைத்தான் டிக் அடிக்கிறார்கள். அதுவே எங்களுக்கு நிறையப் போதும்: சாம்பார் வாளியிலிருந்து இலைக்கு இறங்கும் கரண்டி, கெட்டிமேளம் என்றதும் தவில்காரர் கை வேகம் பிடிப்பது, வாசலில் சந்தனக் கிண்ணம், பந்தி வாசலில் காத்திருக்கும் செருப்புக் கூட்டம். கெட்டிமேளத்தின் அசல் ஒலியை அப்படியே விடுகிறேன். வரவேற்பில் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடும் காட்சிகளில் ஒலியை எடுத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் யூடியூபில் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். கல்யாணத்துக்கு வந்த வீடியோகிராபர் எடுத்த காட்சியைக் கேட்காமல் எடுத்துப் போடுவதும் கூடாது, அது அவர் உழைப்பு.

இனி விசாரணை. எங்களிடம் விசாரணை குவியும் நாள் எது என்று நோட்டைப் பார்த்தபோதுதான் புரிந்தது. முகூர்த்த நாளில்தான். ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் மண்டபத்தைப் பார்க்கிறார், தன் பெண்ணுக்கும் வரன் அமைந்திருக்கிறது, வாசல் போர்டில் இருக்கும் நம்பருக்கு அங்கேயே நின்று அடிக்கிறார். அதே நேரத்தில் மேனேஜர் அண்ணன் மேளச் சத்தத்துக்கு நடுவில் தண்ணீர் லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருப்பார், சட்டைப் பையில் போன் அடிப்பதே கேட்காது. ஜோசியர் தேதி குறித்துக் கொடுத்த அன்றைக்கு ஒரு வீட்டார் நான்கைந்து மண்டபத்துக்கு வரிசையாகப் பேசுவார்கள், முதலில் இருக்கு என்று சொல்கிற இடத்துக்கு மறுநாளே பார்க்கப் போய்விடுவார்கள். நாம் சாயங்காலம் திருப்பிக் கூப்பிடும்போது பேச்சு முடிந்திருக்கும்.

செய்தது இதுதான். அந்த நம்பரை வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாற்றி, வீட்டிலிருக்கும் சித்தியின் டேப்லெட்டில் இணைத்த சாதனமாகச் சேர்த்தோம். எடுக்காத போன் கால் சித்தியின் நம்பருக்குப் போகும்படி, போன் அமைப்பிலேயே கால் ஃபார்வர்டிங்கில் பதில் இல்லாதபோது என்பதை மட்டும் போட்டோம். சித்திக்குப் பந்திக் கணக்கு முதல் சிலிண்டர் கணக்குவரை எல்லாம் அத்துப்படி, இதற்கு அவரை விடச் சரியான ஆள் இல்லை.

போர்டில் ஒரு கியூஆர் ஒட்டினேன். ஸ்கேன் செய்தால், முகூர்த்தத் தேதி, எத்தனை பேர், எந்த ஊர் என்ற மூன்று வரி ஏற்கெனவே எழுதப்பட்ட செய்தி திறக்க வேண்டும். முதலில் இப்படி நானே இணைப்பு தயாரித்தேன்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=...
```

அந்தப் புள்ளிகள் இருக்கும் இடத்தில் தமிழில் எழுதினால் ஒவ்வொரு குறியும் `%E0%AE%A4` மாதிரி ஒன்பது எழுத்தாக விரியும். மூன்று வரி சில நூறு எழுத்தாகி, கியூஆர் கட்டங்கள் பொடிப்பொடியாகி, ஃப்ளெக்ஸில் அச்சடித்தபோது பாதிப் போன்களில் பிடிக்கவில்லை. வாட்ஸ்அப் பிசினஸிலேயே குறுகிய இணைப்பு தரும் வசதி இருக்கிறது, அதில் முன்செய்தியைத் தமிழிலேயே வைக்கலாம், கியூஆரும் சின்னதாக வரும். அதை மாற்றியதும் நான்கு அடி தூரத்திலிருந்தே பிடித்தது.

பதில்களை விரைவுப் பதிலாகச் சேமித்தோம். `/rent` என்று அடித்தால் வாடகை விவரம் வரும். அதில் வாடகைத் தொகைக்குக் கீழேயே மின்சாரம் மீட்டர் யூனிட் கணக்கில், ஜெனரேட்டர் ஓடும் மணிக்கணக்கில், சுத்தம் செய்யும் கூலி, ஜிஎஸ்டி, முன்பணம் எவ்வளவு, தேதி மாறினால் என்ன என்று எல்லாவற்றையும் வெளிப்படையாகப் போட்டோம். சித்தப்பா முதலில் தயங்கினார், இவ்வளவையும் பார்த்தால் ஓடிவிடுவார்களோ என்று. கணக்கு முடிக்கும் நாளில் வாசலில் நின்று வாக்குவாதம் செய்வதைவிட இது மேல் என்று நான் சொன்னேன், இப்போது அவரும் அதைத்தான் சொல்கிறார்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் காலண்டர் சரியாக இல்லாவிட்டால் வேகமாகப் பதில் சொல்வதே ஆபத்து. எங்களுக்கு அது நடந்தது. ஒரு ஞாயிறு முகூர்த்த வீட்டார் அன்று மாலையே வரவேற்பும் வைத்துக்கொள்கிறோம் என்று பேசியிருந்தார்கள். டைரியில் ஞாயிறு கட்டத்தில் மட்டும் எழுதியிருந்தது. திங்கள் முகூர்த்தத்துக்கு வேறொருவர் கேட்டபோது கட்டம் காலியாக இருந்ததால் இருக்கு என்று சொல்லிவிட்டோம். ஆனால் திங்கள் முகூர்த்தக்காரர் மண்டபத்துக்குள் வருவது ஞாயிறு சாயங்காலம்! மூன்று நாள் பேசி, இரண்டாவது வீட்டார் மாப்பிள்ளை அழைப்பைக் கோவிலிலிருந்து மெதுவாக ஆரம்பித்து இரவு ஒன்பதரைக்கு உள்ளே வர ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் பெருந்தன்மை அது. அதற்குப் பிறகு காகித டைரியை விட்டுவிட்டு கூகுள் காலண்டரில் நாளாக இல்லாமல் மணியாகப் பதிகிறோம்: முந்தின நாள் பகல் மூன்று முதல் முகூர்த்த நாள் பகல் மூன்று வரை, அதோடு சுத்தம் செய்ய இரண்டு மணி நேரம். மஞ்சள் என்றால் 48 மணி நேரம் பிடித்து வைத்தது, பச்சை என்றால் முன்பணம் வந்துவிட்டது. சித்தியின் டேப்லெட்டிலும் அதே காலண்டர்.

எல்லாம் சேர்ந்து எப்படி ஓடுகிறது என்பதற்கு ஒரு விசாரணையைச் சொல்கிறேன். பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா, இரவு 9:40க்கு கியூஆர் செய்தியில் ஆவணித் தேதியும் 900 பேர் என்றும் போட்டிருந்தார். சித்தி காலண்டரைப் பார்த்து நான்கு நிமிடத்தில், "தேதி இருக்குங்க, உங்க பேர்ல வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் பிடிச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டு, பந்தித் துண்டையும் வாடகை விவரத்தையும் அனுப்பினார். அரை மணியில் துபாயிலிருக்கும் அவர் மகன் அதே விவரத்தைப் பார்த்துவிட்டு, பாட்டி சக்கர நாற்காலியில் வருவார், சரிவுப் பாதை உண்டா என்று கேட்டார். அந்தத் துண்டு போனது. மறுநாள் சமையல் மாஸ்டருக்குச் சமையல்கட்டுத் துண்டு. ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக வந்தார்கள், பாட்டியையும் கூட்டிக்கொண்டு.

வந்த இடத்தில் சரிவுப் பாதையில் சிக்கல். வீடியோவில் தட்டையாகத் தெரிந்தது, நேரில் செங்குத்து. நான் மேலே நின்று கீழ்நோக்கி எடுத்திருந்தேன், அப்படி எடுத்தால் சரிவே தெரியாது. அளந்து பார்த்தால் இரண்டு அடி உயரத்துக்கு 12 அடி நீளம்தான், அதாவது ஒன்றுக்கு ஆறு. சக்கர நாற்காலிக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு வேண்டும், 24 அடி. பாட்டியை இரண்டு பேர் பிடித்துத்தான் ஏற்ற முடிந்தது. சித்தப்பா அங்கேயே, "கல்யாணத்துக்குள்ள கட்டி முடிச்சுடறேங்க" என்று சொன்னார், பக்கச் சுவரை ஒட்டி ஒரு திருப்பத்தோடு 24 அடி கட்டினார், செலவு அவருடையது. அந்தப் பழைய துண்டை அன்றே நீக்கிவிட்டேன். புதியதைப் பக்கவாட்டில் நின்று, ஒரு சக்கர நாற்காலியை ஒரே ஆள் தள்ளிக்கொண்டு ஏறுவது தெரியும்படி எடுத்திருக்கிறேன். முன்பணம் திங்கட்கிழமை வந்தது, காலண்டரில் பச்சை.

இப்போது மிச்சமிருப்பது வண்டி நிறுத்தும் இடத்துத் துண்டு. அது கோடையில் எடுத்தது, தரை காய்ந்து கெட்டியாக இருக்கிறது. ஐப்பசி முகூர்த்தத்துக்குக் கேட்கிறவர்களுக்கு அதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, பின்பக்கம் பாதி இடத்தில் மழை நாளில் தண்ணீர் நிற்கும். கிராவல் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அடித்து முடித்து ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய் எடுப்பதாக இருக்கிறேன், அதுவரை கேட்கிறவர்களிடம் மழைக்காலத்தில் 30 கார்தான் நிற்கும் என்று சித்தி வாயால் சொல்லிவிடுகிறார்.